நான்கு சதவீதம் என்னும் புனைவு: பெங்களூரு அடுக்ககங்களின் வாடகைக் கணக்கு

பெங்களூருவில் அடுக்குமாடி வீடு விற்போர் நீட்டும் தாளில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: "வாடகை வருவாய் ஆண்டுக்கு நான்கு சதவீதத்துக்கு மேல்." விற்பவர் அப்படி எழுதுவதில் வியப்பில்லை, அது அவர் தொழில். வியப்புக்குரியது, அதே எண் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் முதுகலை ஆய்வேடுகளிலும் எந்தக் கேள்வியும் இன்றி உலவுவதுதான். மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி, வீட்டின் விலையால் வகுத்து, அதனை "வருவாய் விகிதம்" என்று அழைக்கிறார்கள். அது வருவாய் அன்று. யார் கைக்கும் ஒருபோதும் வந்து சேராத ஒரு தொகையை, எவரும் அந்த அளவில் மட்டும் செலவிட்டிராத ஒரு தொகையால் வகுத்துப் பெற்ற ஈவு.

இந்தப் பிழையின் விலையைக் கொடுப்பவர்கள் இருவர். முதலாமவர், பணி ஓய்வுத் தொகையை ஒரே வீட்டில் போட்டுவிட்டு அதன் வாடகையில் முதுமையைக் கழிக்கலாம் என்று நம்புபவர். இரண்டாமவர், அந்த வீட்டில் குடியிருப்பவர். தாளில் நான்கைக் கண்டு கையில் இரண்டரையைப் பெறும் உரிமையாளர், தம்மைக் குடியிருப்பவர் ஏய்ப்பதாகவே எண்ணுகிறார். அடுத்த ஒப்பந்தத்தில் வாடகையை ஏற்றுகிறார். கணக்கில் நேர்ந்த தவறு உறவில் பகையாக முடிகிறது.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. நகரின் கிழக்குப் பகுதியில், தகவல் தொழில்நுட்ப வளாகங்களுக்கு அருகே, 1,200 சதுர அடி கொண்ட ஈரறை வீடு. விலை ஒரு கோடி ரூபாய். குடியிருப்பவர் மாதந்தோறும் செலுத்துவது, பராமரிப்புக் கட்டணம் உட்பட 35,000 ரூபாய். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 4 ரூபாய் வீதம் மாதம் 4,800 ரூபாய். இந்த எண்கள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. வேறு வீட்டுக்கு வேறு எண்களை இட்டுக்கொள்ளலாம். கணக்கின் வடிவம் மாறாது. விற்பனைத் தாளின்படி ஆண்டு வாடகை 4,20,000 ரூபாய், வருவாய் 4.2 சதவீதம். இந்த 4.2 எங்கெங்கே கரைகிறது என்பதே கேள்வி.

முதலில் பராமரிப்புக் கட்டணம். குழப்பம் மிகுந்த இடம் இதுதான். "பராமரிப்பைக் குடியிருப்பவரே கட்டிவிடுகிறார், ஆகவே அது உரிமையாளரின் செலவில்லை" என்று எங்கும் சொல்லப்படுகிறது. குடியிருப்பவரிடம் இருப்பது ஒரே பணப்பை. அவர் வீடு தேடும்போது பார்ப்பது மாதம் மொத்தம் எவ்வளவு என்பதையே. 35,000 ரூபாயை முழுவதுமாக உரிமையாளரிடம் கொடுத்து, அவர் அதிலிருந்து 4,800 ரூபாயைச் சங்கத்துக்குக் கட்டினாலும், 30,200 ரூபாயை உரிமையாளரிடமும் 4,800 ரூபாயைச் சங்கத்திடமும் குடியிருப்பவரே தனித்தனியாகக் கட்டினாலும், உரிமையாளர் கையில் நிற்பது 30,200 ரூபாய்தான். இரண்டில் எந்த வழியையும் கையாளலாம். இரண்டையும் கலக்கக் கூடாது. விற்பனைத் தாள் செய்வது அந்தக் கலப்பையே. வரவுப் பக்கத்தில் பராமரிப்பு சேர்ந்த 35,000 ரூபாயை எழுதிவிட்டு, செலவுப் பக்கத்தில் "பராமரிப்பு: குடியிருப்பவர் பொறுப்பு" என்று எழுதிக் கடந்துவிடுகிறது. இந்த ஒரு கையசைப்பில் ஆண்டுக்கு 57,600 ரூபாய் இல்லாத வருவாயாக முளைக்கிறது. வாடகை விளம்பரத்தில் உள்ள தொகை பராமரிப்பு சேர்ந்ததா, சேராததா என்று கேட்காமல் தொகுக்கப்படும் எந்த வாடகைத் தரவும் இந்தக் கலப்பைச் சுமந்தே வரும்.

இரு ஒப்பந்த முறைகளுக்கும் இடையே ஓர் உண்மையான வேறுபாடு உண்டு. அது கட்டணம் உயரும்போது தெரியும். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதினொரு மாதங்களுக்கு எழுதப்படுகிறது. ஓராண்டைத் தாண்டும் குத்தகைகளைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதே அந்தப் பதினொன்றின் மூலம். ஆக, வாடகை பதினொரு மாதங்களுக்கு அசையாது. பராமரிப்புக் கட்டணமோ சங்கத்தின் ஒரு கூட்டத்தில் மாறிவிடும். மின்தூக்கி, காவலர், மின்னாக்கிக்கான டீசல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தண்ணீர் லாரி ஆகிய எதன் விலை உயர்ந்தாலும் அது கட்டணத்தில் எதிரொலிக்கும். 2024ஆம் ஆண்டு மார்ச்சில் பெங்களூரு கண்ட தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது ஆழ்குழாய்கள் வற்றி, காவிரிக் குழாய் எட்டாத புறநகர் அடுக்ககங்கள் லாரிகளையே நம்பி நின்றன. மாவட்ட நிர்வாகம் தலையிட்டு, ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் லாரிக்கு 1,000 ரூபாய் என்று உச்ச விலை விதிக்க வேண்டியிருந்தது. பராமரிப்பு சேர்த்து வாடகை பேசிய உரிமையாளர் அத்தகைய மாதங்களின் கூடுதல் செலவைத் தாமே சுமந்தார். தனித்தனியாகப் பேசியிருந்தால் குடியிருப்பவர் சுமந்திருப்பார். பராமரிப்பை எந்நாளும் மாறாத ஓர் எண்ணாக எழுதும் கணக்குகள் இந்த நகரத்தின் கோடைக்காலத்தை அறியாதவை.

அடுத்தது காலி மாதம். இதைப் பற்றிய பொது எண்ணம், "ஒரு மாதம் காலியாக இருந்தால் ஒரு மாத வாடகை போகும்" என்பது. அது பாதி உண்மை. வீடு காலியாக இருக்கும் மாதத்தில் 30,200 ரூபாய் வராமல் போவதோடு, அதுவரை குடியிருப்பவர் சுமந்த 4,800 ரூபாயும் உரிமையாளரின் தலையில் வந்து இறங்குகிறது. மின்தூக்கியில் எவரும் ஏறாவிட்டாலும் சதுர அடிக்கணக்கில் விதிக்கப்பட்ட கட்டணம் நிற்பதில்லை. ஆகவே காலி மாதத்தின் விலை 30,200 அன்று, 35,000. ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் விலை இதுவே. காலி மாதங்களையும் பராமரிப்பையும் தனித்தனிக் கட்டங்களில் நிரப்பச் சொல்லும் கணிப்பான்கள் பெரும்பாலும் இந்த இணைப்பைத் தவறவிடுகின்றன. சரியான கணக்கு எளியதுதான்: பராமரிப்பு சேர்ந்த வாடகையைக் குடியிருக்கும் மாதங்களால் மட்டும் பெருக்கி, பராமரிப்பைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் கழிக்க வேண்டும். பராமரிப்பு சேராத வாடகையிலிருந்து தொடங்கினால், அந்த வாடகையைக் குடியிருக்கும் மாதங்களால் பெருக்கி, பராமரிப்பைக் காலி மாதங்களுக்கு மட்டும் கழிக்க வேண்டும். இரு வழியிலும் ஒரே விடை வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கலப்பு நேர்ந்திருக்கிறது. பிழையைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை வேறில்லை.

ஆண்டுக்கு எத்தனை மாதம் காலி என்று கொள்வது? ஓராண்டைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. குடியிருப்பவர் இரண்டாண்டு தங்கிவிட்டுப் போகிறார். வீட்டைச் சீர்செய்து, வண்ணம் பூசி, புதியவரைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆகிறது என்றால், ஆண்டுச் சராசரி ஏறத்தாழ ஒரு மாதம். காலி மாதமே இல்லாத ஓராண்டைக் காட்டி "என் வீடு ஒருநாளும் காலியாக இருந்ததில்லை" என்பவர் மழை பெய்யாத வாரத்தைக் காட்டிக் குடை வேண்டாம் என்பவரைப் போன்றவர். 2020, 2021ஆம் ஆண்டுகளில் நிறுவனங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதித்தபோது ஊழியர்கள் கூட்டங்கூட்டமாகச் சொந்த ஊர்களுக்குத் திரும்பினர். அந்த நகரத்தின் வாடகை விளம்பரப் பலகைகள் மாதக்கணக்கில் தொங்கின. அடுத்த இரண்டாண்டுகளில் அவர்கள் திரும்பியபோது வாடகை துள்ளி எழுந்தது. இந்தத் துள்ளலை மட்டும் எடுத்துப் பேசி அந்த வெறுமையை மறப்பது கணக்காகாது.

மூன்றாவது சொத்து வரி. 2008 முதல் பெங்களூரு மாநகராட்சி பின்பற்றிவந்த அலகுப் பரப்பு மதிப்பு முறையில், பகுதிக்கேற்ற ஒரு சதுர அடி மதிப்பைப் பரப்பால் பெருக்கி, பத்து மாதங்களுக்குக் கணக்கிட்டு, கட்டடத்தின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து, அதில் 20 சதவீதம் வரியாகவும், அந்த வரியின் மேல் 24 சதவீதம் மேல்வரியாகவும் விதிக்கப்பட்டது. மேற்சொன்ன வீட்டுக்குச் சதுர அடி மதிப்பு 4 ரூபாய் என்று கொண்டால், பத்து மாதத்துக்கு 48,000 ரூபாய், வரி 9,600, மேல்வரி 2,304, தேய்மானத்தை ஒதுக்கிவிட்டால் மொத்தம் ஏறத்தாழ 12,000 ரூபாய். தொகை பெரிதன்று. ஆனால் இதில் இரண்டு செய்திகள் ஒளிந்துள்ளன.

ஒன்று, அந்த முறையில் உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்கும் வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் தனித்தனி மதிப்புகள் உண்டு. 2008இன் அட்டவணையில் வாடகை வீட்டின் மதிப்பு, சொந்தக் குடியிருப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு. பழைய உரிமையாளர் தாமே குடியிருந்த வீட்டை வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர், அவருடைய ரசீதிலுள்ள தொகையையே தம் கணக்கில் எழுதிக்கொண்டால் பாதி வரியை மறந்தவராகிறார். ரசீதில் வீடு எந்த வகையாகக் காட்டப்பட்டுள்ளது என்று பார்த்தால் போதும், தெரிந்துவிடும். சுயமதிப்பீட்டில் வகையை மாற்றிக் காட்டி மிச்சம் பிடிப்பது, பின்னாளில் தண்டமும் வட்டியுமாகத் திரும்பி வரக்கூடிய கடன்.

மற்றொன்று சுவையானது. ஆண்டு மதிப்பைக் கணக்கிடும்போது மாநகராட்சியே பன்னிரண்டு மாதங்களை எண்ணவில்லை, பத்தையே எண்ணியது. கூடுதலாக எண்ணினால் கூடுதலாக வசூலிக்கக்கூடிய ஓர் அமைப்பே பத்து மாதத்தோடு நிறுத்திக்கொள்ளும்போது, விற்பனையாளரும் ஆய்வாளரும் எந்த உரிமையில் பன்னிரண்டையும் எண்ணுகிறார்கள்? வருமான வரிச் சட்டமும் இதே அடக்கத்தைக் காட்டுகிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, செலுத்திய மாநகராட்சி வரியைக் கழித்த பின் எஞ்சும் ஆண்டு மதிப்பில் 30 சதவீதத்தை, எந்தச் செலவுச் சீட்டும் கேளாமல் கழிக்க அனுமதித்தது. வீடு காலியாக இருந்ததால் வாடகை குறைந்தால் அதற்கும் 23ஆம் பிரிவில் இடம் வைத்தது. வரி வாங்குவோரே வாடகை முழுதும் வருவாய் அன்று என்று ஒப்புக்கொண்ட நாட்டில், வரி வாங்காதோர் அதனை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

இனித் தொகுதியைக் கூட்டலாம். வாடகை 4,20,000. ஒரு காலி மாதம் 35,000 போக 3,85,000. பராமரிப்பு 57,600 போக 3,27,400. சொத்து வரி 12,000 போக 3,15,400. இந்த மூன்று கழிவுகளோடு நிறுத்தி ஒரு கோடியால் வகுத்தாலே 3.15 சதவீதம்தான். இன்னும் இரண்டு செலவுகள் உண்டு. புதிய குடியிருப்பாளரைக் கொண்டுவரும் தரகருக்கு ஒரு மாத வாடகை தருவது அந்நகர வழக்கம். இரண்டாண்டுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 15,100. வெந்நீர்க் கலன், குழாய், ஒழுகல், சங்கத்தின் சிறப்பு வசூல் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு 20,000 ஒதுக்குவது மிகையன்று. எஞ்சுவது 2,80,300. நேர்மையாக, உரிமையாளருக்குச் சாதகமான ஒன்றையும் சேர்க்க வேண்டும். பெங்களூருவில் வாங்கப்படும் அட்வான்ஸ் பெரியது. பத்து மாத வாடகை வாங்குவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. இங்கே இரண்டு லட்சம் என்று கொண்டு, அதனை ஆறு சதவீத வட்டியில் போட்டால், வீட்டில் ஆள் இருக்கும் பதினொரு மாதத்துக்கு 11,000 ரூபாய். நிகரத் தொகை 2,91,300.

இதை எதனால் வகுப்பது என்பதில்தான் இரண்டாவது புனைவு இருக்கிறது. விலை ஒரு கோடி. ஆனால் செலவழித்தது ஒரு கோடி அன்று. கர்நாடகத்தில் முத்திரைத்தாள் கட்டணம் 5 சதவீதம்; அதன் மேல் விதிக்கப்படும் தீர்வைகளைச் சேர்த்தால் நகரப் பகுதியில் 5.6. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்டு இறுதியில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆக 7,60,000 ரூபாய் பதிவு அலுவலகத்திலேயே போகிறது. அந்த நகரில் வெற்றுச் சுவரோடு வீட்டை வாடகைக்கு விட முடியாது. அலமாரி, சமையலறை மரவேலை, விளக்கு, விசிறி என்று ஆறு லட்சமாவது ஆகும். முதலீடு 1,13,60,000. இதனால் 2,91,300ஐ வகுத்தால் 2.56 சதவீதம். தாளிலிருந்த 4.2இல் ஐந்தில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது. இது வருமான வரிக்கு முந்தைய கணக்கு. பின்னது இன்னும் கீழே நிற்கும். காலி மாதம் ஒன்றுக்குப் பதில் ஆறாக நீண்ட ஓர் ஆண்டில், அட்வான்ஸ் வட்டியும் குறைவதால், இதே வீடு ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகவே தரும்.

வகுக்கும் எண்ணில் செய்யப்படும் வேறொரு தந்திரமும் உண்டு. இதைச் செய்வோர் பெரும்பாலும் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் 40 லட்சத்துக்கு வாங்கிய வீட்டில் இன்று 35,000 ரூபாய் வாடகை வருகிறது. ஆகவே வருவாய் பத்து சதவீதத்துக்கு மேல் என்று மகிழ்கிறார்கள். இன்றைய வாடகையை அன்றைய விலையால் வகுப்பது, இரண்டு வெவ்வேறு காலத்து ரூபாய்களை ஒரே தராசில் நிறுத்துவது. அந்த வீட்டை இன்று விற்றால் ஒரு கோடி கிடைக்கும் என்றால், அந்த ஒரு கோடியை அங்கேயே விட்டுவைக்க அவர் பெறும் கூலிதான் வருவாய். வாங்குபவருக்கு முழுச் செலவு, வைத்திருப்பவருக்கு விற்றால் கையில் நிற்கும் இன்றைய தொகை. கேள்விக்கேற்ப வகுக்கும் எண் மாறும். எந்தக் கேள்விக்கும் பதினைந்து ஆண்டு பழைய விலை விடையாவதில்லை.

இதற்கெல்லாம் ஆயத்தமாக ஒரு மறுப்பு இருக்கிறது: "வாடகைக்காக யார் வீடு வாங்குகிறார்கள்? விலை ஏறும், அதுதான் ஆதாயம்." இது மதிக்கத்தக்க மறுப்பு. ஆனால் அதைச் சொல்பவர் வாடகைக் கணக்கை முதலில் கைவிட வேண்டும். விலையேற்றம் எதிர்பார்ப்பு, வாடகை வரவு. எதிர்பார்ப்பைக் காட்டி வரவின் பிழையை மறைக்க முடியாது. மேலும் ஏறுவது எது என்றும் கேட்க வேண்டும். ஆடம் ஸ்மித் 1776இலேயே வீட்டு வாடகையைக் கட்டட வாடகை, மனை வாடகை என்று இரண்டாகப் பிரித்துப் பேசினார். கட்டடம் தேயும், மனையே ஏறும். அடுக்ககத்தில் வாங்குபவருக்குக் கிடைப்பது மனையில் பிரிக்கப்படாத ஒரு சிறு பங்கு. மீதமெல்லாம் தேய்கின்ற கற்காரை. தனி வீட்டு மனையின் விலையேற்றத்தை அப்படியே பத்தாம் மாடி வீட்டின் மேல் ஏற்றிச் சொல்வது பொருந்தாது.

கடன் வாங்கி வாங்குவோருக்கு இந்த மறுப்பு இன்னும் ஆபத்தானது. "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்பது விற்பனை மேசையின் இரண்டாவது வாக்கியம். 80 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டிக்கு இருபதாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 69,400 ரூபாய். மேற்கண்ட நிகரத் தொகையை மாதத்துக்குப் பிரித்தால் 24,275. மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. எஞ்சிய 45,000 ரூபாயை மாதந்தோறும் சம்பளத்திலிருந்து போட்டு, விலை ஏறும் என்று காத்திருப்பதற்கு முதலீடு என்று பெயரிடலாம். வருவாய் என்று பெயரிட முடியாது.

தவறான கணக்கு குடியிருப்பவரை எப்படித் தாக்குகிறது என்பதற்கும் எண்ணே சாட்சி. உரிமையாளர் மாதம் 2,000 ரூபாய் ஏற்றிக் கேட்கிறார். குடியிருப்பவர் மறுத்து வெளியேறுகிறார். வீடு இரண்டு மாதம் காலி: 70,000 ரூபாய். 37,000 ரூபாய்க்கு வரும் புதியவருக்காகத் தரகு 32,200. மொத்தம் 1,02,200. ஏற்றிய 2,000 ரூபாயைக் கொண்டு இதை மீட்க ஐம்பத்தொரு மாதங்கள், அதாவது நான்கேகால் ஆண்டுகள் ஆகும். அதற்குள் புதியவரும் போய்விடுவார். நல்ல குடியிருப்பாளரைக் கைக்கொள்வது இரக்கத்தின் பாற்பட்டதன்று. அது உரிமையாளரின் சொந்தக் கணக்கு. காலி மாதத்தின் உண்மை விலையை அறியாதவருக்கு மட்டுமே அது தெரியாமல் போகிறது.

இறுதியாக ஆய்வுலகம். இணைய விளம்பரங்களிலிருந்து வாடகைகளையும் விலைகளையும் திரட்டி, ஒன்றை மற்றதால் வகுத்து, பகுதிவாரியாக "வருவாய் வரைபடம்" வரைவது இன்று எளிது. ஆனால் விளம்பரத்தில் உள்ள வாடகை எந்த வீட்டின் வாடகை? அன்றைய நாளில் பெரும்பாலும் காலியாக இருக்கும், அல்லது காலியாகப்போகும் வீட்டின் வாடகை. அதாவது பெறப்பட்ட வாடகை அன்று, கேட்கப்படும் வாடகை. காலியாக நிற்பதற்குச் சான்றான தரவையே, காலி மாதமே இல்லை என்ற எடுகோளோடு பன்னிரண்டால் பெருக்குவதில் உள்ள முரண் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்பது வருந்தத்தக்கது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்ததைப் பதிவு செய்தது. அவற்றில் எத்தனை வாடகைக்குக் காத்திருந்தவை என்பதை அந்த எண் சொல்வதில்லை. எனினும் காலி வீடு இந்திய நகரங்களில் அரிதன்று என்பதை ஐயமின்றிச் சொல்கிறது.

வேறு வழி உண்டு. உழைப்பு மிகுந்த வழி. டேவிட் சேம்பர்ஸ், கிறிஸ்டோஃப் ஸ்பேன்ஜர்ஸ், ஈவா ஸ்டைனர் ஆகிய மூவர், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் நான்கின் 1901 முதல் 1983 வரையிலான சொத்துக் கணக்கேடுகளைக் கையால் தொகுத்து ஆராய்ந்தனர். கேட்கப்பட்ட வாடகையை விடுத்து, உண்மையில் வந்த வாடகையையும் உண்மையில் ஆன செலவையும் எடுத்துக்கொண்டபோது, செலவும் பணவீக்கமும் போகக் குடியிருப்புச் சொத்துகளின் மொத்த ஆதாயம், விலையேற்றத்தையும் சேர்த்தே, ஆண்டுக்கு ஏறத்தாழ 2.3 சதவீதமாக நின்றது. நீண்ட காலத்தில் வீடு தரும் ஆதாயம் முன்பு நம்பப்பட்டதைவிடக் குறைவு என்பதே அவர்கள் முடிவு. இங்கிலாந்தின் எண்ணைப் பெங்களூருக்குப் பெயர்க்க வேண்டியதில்லை. அவர்களுடைய முறையைப் பெயர்க்கலாம். கோயில் தேவஸ்தானங்கள், அறக்கட்டளைகள், கூட்டுறவுச் சங்கங்கள், கல்லூரிகள் ஆகியவற்றிடம் பல பத்தாண்டு வாடகைக் கணக்கேடுகள் இந்த நாட்டிலும் உறங்குகின்றன. எந்த மாதம் காலி, எந்த ஆண்டு பழுது, எவ்வளவு வரி என்று அவற்றில் வரிவரியாக இருக்கும். அவற்றைத் திறக்காமல் விளம்பரத்தைச் சுரண்டி எழுதப்படும் ஆய்வு, விற்பனைத் தாளின் நீட்சியே.

அதுவரை, "வாடகை வருவாய்" என்று ஓர் எண்ணை அச்சிடும் ஒவ்வொரு மாணவரும் அதனருகே நான்கு விவரங்களை எழுதட்டும்: அந்த வாடகையில் பராமரிப்பு சேர்ந்ததா, ஆண்டுக்கு எத்தனை மாதம் காலி என்று கொள்ளப்பட்டது, வரி எந்த வகையில் கணக்கிடப்பட்டது, வகுத்த எண் எந்த நாளைய எந்தத் தொகை. நான்கில் ஒன்று விடுபட்டாலும் அந்த எண்ணை மேற்கோள் காட்டக் கூடாது. நெறியாளர்கள் அதை ஏற்கவும் கூடாது. வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பழமொழி, வீடு என்றால் செலவு என்பதை எந்தக் கணிப்பானும் இன்றி அறிந்திருந்தது. அந்த அறிவு ஆய்வேட்டின் அட்டவணையிலும் இடம்பெற வேண்டும்.